மஸ்கட்டிலிருந்து ஸ்ட்ரெச்சரில் ஊருக்கு வந்த செலவு: இன்சூரன்ஸுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

"சார், ஓமனில் துக்ம் என்ற ஊரில் சாரம் கட்டும் வேலை. ஜனவரி 11 அன்று சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. அங்கே வசதி இல்லையென்று ஆம்புலன்ஸில் மஸ்கட் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கட்டிவிட்டது. பிப்ரவரி 6 அன்று ஸ்ட்ரெச்சரில் சென்னை வந்து, அங்கிருந்து நேராகத் திருச்சி ஆஸ்பத்திரி. துக்ம் ஆம்புலன்ஸ், விமானம், கூட வந்த நர்ஸ் எல்லாவற்றுக்கும் அண்ணன் கடன் வாங்கிப் பணம் கட்டினார். கிளம்பும்போது சென்னையில் எடுத்த 50,000 டாலர் பாலிசியில் 'மெடிக்கல் எவாக்குவேஷன்' உண்டு. உதவி எண்ணுக்கு முன்கூட்டியே சொன்னோம், பதிலே வரவில்லை. பிரவாசி பீமா பாலிசியும் இருக்கிறது. ஐந்து வாரம் ஆகிவிட்டது. கடிதத்தில் என்ன எழுத வேண்டும், எந்த பில்லை வைக்க வேண்டும்?"

தம்பி, ஐந்து வாரம் ஆனதை நினைத்துப் பயப்பட வேண்டாம். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், தாமதம் என்ற ஒன்றை மட்டும் சொல்லி உண்மையான க்ளெய்மைத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. முதுகெலும்பு முறிந்து படுத்திருந்தவருக்கு அதைவிட நியாயமான காரணம் வேண்டுமா என்ன? ஆனால் இன்றே க்ளெய்ம் பிரிவுக்கு இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பாலிசி எண், விபத்து நாள், ஊர் திரும்பிய நாள், "ஆவணங்கள் பின்னால் வருகின்றன" என்றிருந்தால் போதும். முழுக் கடிதத்தை அப்புறம் நிதானமாக எழுதலாம்.

நான் வெளிநாட்டு க்ளெய்ம் பிரிவில் 14 வருடம் கோப்பு பார்த்தவன். இந்த மாதிரிக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சறுக்கும். விழுந்தது, வலித்தது, கடன் வாங்கியது எல்லாம் மூன்று பக்கம் இருக்கும். கடைசியில் "மொத்தம் இவ்வளவு ஆயிற்று, தயவுசெய்து கொடுங்கள்" என்று ஒரே தொகை. மேசையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த மொத்தத் தொகையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவர் கேட்கும் கேள்வி வேறு: இந்தப் பயணத்தை எந்த டாக்டர், என்ன காரணத்துக்காக, இப்படித்தான் போக வேண்டும் என்று சொன்னார்? ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தப் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் கதையில் இரண்டு பயணங்கள் இருக்கின்றன. நீங்கள் அவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறீர்கள். பாலிசி அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கும்.

துக்மிலிருந்து மஸ்கட் போனதுதான் சரியான பொருளில் 'எவாக்குவேஷன்'. தேவையான சிகிச்சை இருந்த இடத்தில் கிடைக்கவில்லை, அதனால் கிடைக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். மஸ்கட்டிலிருந்து திருச்சி வந்தது 'ரீபேட்ரியேஷன்', அதாவது ஓரளவு தேறிய நோயாளியைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவருவது. பல பாலிசிகளில் இரண்டுக்கும் தனித் தலைப்பு, தனி நிபந்தனை, சிலவற்றில் தனி உச்சவரம்பு. உங்கள் பாலிசிப் புத்தகத்தை எடுத்து இந்த இரண்டு தலைப்புகளும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். இரண்டையும் எவாக்குவேஷன் என்றே எழுதிக் கேட்டால், "மஸ்கட்டில்தான் ஆபரேஷனே நடந்ததே, அங்கே வசதி இல்லையா? இந்தியா வந்தது உங்கள் சௌகரியத்துக்கு" என்று இரண்டாம் பாதியை, பெரிய தொகை இருக்கும் பாதியை, வெட்டிவிடுவார்கள்.

முதல் பயணத்துக்கு வேண்டிய வாசகம் துக்ம் ஆஸ்பத்திரியின் மாற்றல் கடிதத்தில் இருக்க வேண்டும். "முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கான வசதி இங்கே இல்லை, அவசரமாக மஸ்கட்டுக்கு அனுப்பப்படுகிறார்" என்ற பொருளில் ஒரு வரி. இந்தப் பயணத்துக்கு முன் அனுமதி வாங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். முறிந்த எலும்பு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது யாரும் மின்னஞ்சலுக்குக் காத்திருக்க முடியாது. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான நிலையில் முன் அனுமதி இல்லாமல் மாற்றலாம், முடிந்தவரை சீக்கிரம் தெரிவிக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான பாலிசிகள் சொல்கின்றன. உங்கள் பாலிசியில் அந்த வரியைக் கண்டுபிடித்து அதன் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது பயணத்தில்தான் வேலை அதிகம். அங்கே மூன்று கேள்விகள் வரும். ஏன் மஸ்கட்டிலேயே இருந்து குணமாகவில்லை? ஏன் சக்கர நாற்காலியில் சாதாரண டிக்கெட்டில் வரவில்லை? ஏன் நர்ஸ்?

இதற்கெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரி போதும் என்று நினைக்காதீர்கள். அதில் பெரும்பாலும் "நிலை சீராக உள்ளது, பயணம் செய்யத் தகுதியானவர்" என்றுதான் இருக்கும். விமானத்தில் ஏற்றுவதற்கு அந்த வரி உதவும். க்ளெய்முக்கு அதுவே எதிரி. நான் பார்த்த ஒரு கோப்பில் சம்மரியின் கடைசி வரி "நோயாளியின் வேண்டுகோளின்படி அனுப்பப்பட்டார்" என்றிருந்தது. அந்த மனிதரால் கழுத்துக்குக் கீழே அசைய முடியாது. படுக்கை காலியாக வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு ஜூனியர் டாக்டர் வழக்கமான அந்த வாசகத்தைப் போட்டுவிட்டார். அதை வைத்து முழுச் செலவும் மறுக்கப்பட்டது. மறுபடி விளக்கக் கடிதம் வாங்கி மீட்டெடுக்க எட்டு மாதம் ஆனது. உங்கள் சம்மரியின் கடைசிப் பத்தியை இன்றைக்கே யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேண்டிய வாசகம் அதில் இல்லையென்றால், மஸ்கட் ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கூடுதல் சான்று கேளுங்கள். "க்ளெய்முக்கு ஏற்ற மாதிரி எழுதித் தாருங்கள்" என்று கேட்கக் கூடாது. கேள்வியாகக் கேளுங்கள். பிப்ரவரி 6 அன்று நோயாளியால் எவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார முடிந்தது? விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கையை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும், அது அவரால் முடியுமா? சிறுநீர்க் குழாய் இருந்ததா, படுக்கைப் புண் இருந்ததா, வழியில் யார் கவனிக்க வேண்டும்? இன்னும் எத்தனை மாதம் படுக்கையில் வைத்துப் பயிற்சி தர வேண்டும்? இந்த நான்கு கேள்விக்கும் டாக்டர் உண்மையைப் பதிலாக எழுதினாலே மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். சான்றில் இன்றைய தேதிதான் இருக்க வேண்டும். பழைய தேதி போட்டு வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். கம்பெனி அந்த ஆஸ்பத்திரிக்கே எழுதிச் சரிபார்க்கும். ஒரு தேதி பொய்யென்று தெரிந்தால் உண்மையான பில்களும் சேர்ந்து போய்விடும்.

இன்னொரு நல்ல சாட்சி உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஸ்ட்ரெச்சர் நோயாளியை ஏற்றுவதற்கு முன் விமானக் கம்பெனி 'மெடிஃப்' என்ற படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கும். நோயாளியால் நிமிர்ந்து உட்கார முடியுமா, துணைக்கு யார், ஆக்ஸிஜன் வேண்டுமா என்றெல்லாம் அதில் இருக்கும். விமானக் கம்பெனியின் மருத்துவப் பிரிவு பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பல இருக்கைகளை மடக்கி அதன்மேல் ஸ்ட்ரெச்சரைப் பொருத்துவார்கள். அதனால்தான் டிக்கெட் அத்தனை மடங்கு. அந்தப் படிவத்தின் நகல் டிராவல் ஏஜென்டிடம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். டிக்கெட் பதிவில் `STCR` என்ற குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்ட்ரெச்சருக்கான குறியீடு அது. பயணம் நடப்பதற்கு முன்பே, க்ளெய்மைப் பற்றி நினைக்காத மூன்றாம் மனிதர்கள் எழுதிய காகிதம் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். நர்ஸ் விமானத்தில் எழுதிய குறிப்பும் அப்படித்தான். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு, எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தார் என்று ஒரு தாள் இருக்கும். அதோடு அவருடைய உரிமச் சான்று நகல், போர்டிங் பாஸ்.

சரி, இனி பில். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். துக்ம் ஆம்புலன்ஸ் பில் 420.000 ரியால், தெளிவாக இருக்கிறது. ஏஜென்ட் கொடுத்தது ஒரே காகிதம்: "மருத்துவப் பயண ஏற்பாடு 2,190.000 ரியால்". இது போதாது. அதைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் அண்ணன் சொன்ன கணக்குப்படி ஆஸ்பத்திரியிலிருந்து விமான நிலையத்துக்கு ஆம்புலன்ஸ் 60, ஸ்ட்ரெச்சர் டிக்கெட் 1,650, நர்ஸ் கட்டணமும் அவருடைய போக வர டிக்கெட்டும் 480. இந்த மூன்றும் தனி வரியாக, ஏஜென்டின் முத்திரையோடு வர வேண்டும். கொட்டேஷனை பில் என்று வைத்துவிடாதீர்கள். பணம் வாங்கியதற்கான ரசீது தனியாக வேண்டும். கூட வந்த சித்தப்பா மகனின் டிக்கெட் 85 ரியால், சென்னை - திருச்சி ஆம்புலன்ஸ் 24,000 ரூபாய்.

ஓமன் பில்லில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் இருக்கும், ஒரு ரியாலுக்கு 1,000 பைசா என்பதால். 2,190.000 போன்ற தொகையை அவசரத்தில் 21 லட்சத்து 90 ஆயிரம் என்று படித்துவிட்டு, "மிகைப்படுத்தப்பட்ட தொகை" என்று குறிப்பெழுதியதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அட்டவணையில் "இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரியால்" என்று எழுத்திலும் போடுங்கள். உங்கள் பாலிசி டாலரில் இருப்பது ஒரு வகையில் வசதி. ஓமன் ரியால் 1986 முதல் டாலரோடு ஒரே விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது, ஒரு ரியால் சுமார் 2.60 டாலர். ஆகவே எந்த நாளின் மாற்று விகிதம் என்ற சண்டை பெரிதாக வராது. கணக்கு இப்படி வரும்: முதல் பயணம் 420 ரியால், 1,092 டாலர். இரண்டாம் பயணம் 2,190 ரியால், 5,694 டாலர். துணைக்கு வந்தவர் 85 ரியால், 221 டாலர். ஆக மொத்தம் 2,695 ரியால், 7,007 டாலர். ரூபாயில் கட்டிய 24,000 தனி.

இதில் எது சுலபமாகக் கிடைக்கும், எது இழுக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் பயணம் கிடைக்கும். ஸ்ட்ரெச்சரும் நர்ஸும் டாக்டர் சான்றைப் பொறுத்தது. நர்ஸ் வந்திருக்கும்போது உறவினர் டிக்கெட் எதற்கு என்று கேட்பார்கள். பாலிசியில் துணையாளர் பயணம் என்று தனி வரி இல்லையென்றால் அது போகும், அதற்காகச் சண்டை போட்டு மற்றதைத் தாமதப்படுத்த வேண்டாம். திருச்சி ஆம்புலன்ஸ் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. நீங்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் அல்லவா, படுக்கையிலிருந்து படுக்கைக்கு மாற்றியது ஒரே பயணம் என்று காட்டலாம். திருச்சியில் சேர்த்துக்கொண்ட சீட்டில் நாளும் நேரமும் இருக்கும், அதை இணையுங்கள்.

இப்போது முன் அனுமதி. இரண்டாம் பயணம் திட்டமிட்டது என்பதால், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக உதவி எண்ணை நடத்தும் உதவி நிறுவனத்தின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் பிப்ரவரி 1 அன்று அழைத்தீர்கள், ஒரு பதிவு எண் கொடுத்தார்கள், 2 அன்று டாக்டர் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினீர்கள், 6 வரை பதில் இல்லை. இதைக் கோபமாக எழுத வேண்டாம். தேதி, நேரம், எண் மட்டும் எழுதுங்கள். அழைப்புப் பட்டியலை உங்கள் ஃபோன் நிறுவனத்தின் செயலியிலிருந்து எடுங்கள், மின்னஞ்சலை முழுத் தலைப்போடு அச்சிடுங்கள். ஒப்புதல் வாங்கும் கடமை உங்களுடையது என்றால் கேட்டதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுடையது. உங்கள் கோப்பில் நான் மிகவும் நம்புவது அந்த பிப்ரவரி 2 மின்னஞ்சலைத்தான்.

கடிதத்தைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் அனுப்புவதாக இருந்தால் இதே வரிசையில் மாற்றச் சொல்லுங்கள், எதையும் கூட்ட வேண்டாம்.

பெறுநர்: வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டு க்ளெய்ம் பிரிவு

பொருள்: பாலிசி எண் ______; மருத்துவ வெளியேற்றம், தாயகம் திரும்புதல் ஆகிய இரண்டு பிரிவுகளின் கீழ் செலவு கோருதல்; உதவி நிறுவனம் தந்த எண் ______

ஐயா / அம்மா,

நான் மேற்கண்ட பாலிசியின் பாலிசிதாரர். ஓமனில் துக்ம் என்ற இடத்தில் சாரம் கட்டும் பணியில் இருந்தேன். ஜனவரி 11 அன்று வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புப் பகுதி முதுகெலும்பு முறிந்தது (இணைப்பு 1: முதலாளியின் விபத்து அறிக்கை).

முதல் பயணம். துக்ம் ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை வசதி இல்லாததால், டாக்டரின் மாற்றல் கடிதத்தின்படி (இணைப்பு 2) அன்றிரவே 500 கிலோமீட்டருக்கு மேல் உள்ள மஸ்கட்டுக்கு ஆம்புலன்ஸில் மாற்றப்பட்டேன். அவசர நிலை என்பதால் முன் அனுமதி பெற இயலவில்லை; பாலிசியின் விதி ______ இதை அனுமதிக்கிறது. செலவு 420 ரியால் (இணைப்பு 3: பில், ரசீது).

இரண்டாம் பயணம். ஜனவரி 14 அன்று அறுவை சிகிச்சை நடந்தது. பிப்ரவரி 6 அன்று என்னால் நிமிர்ந்து உட்கார இயலாது, சிறுநீர்க் குழாயுடன் படுத்த நிலையில், நர்ஸ் துணையுடன் மட்டுமே பயணம் செய்யலாம் என்று சிகிச்சை அளித்த டாக்டர் சான்றளித்துள்ளார் (இணைப்பு 4). விமானக் கம்பெனி ஏற்ற மருத்துவப் படிவம் இணைப்பு 5. இந்தப் பயணத்துக்கு அனுமதி கேட்டு பிப்ரவரி 1 அன்று உங்கள் உதவி எண்ணை அழைத்தோம், பிப்ரவரி 2 அன்று மருத்துவ அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினோம் (இணைப்பு 6). பிப்ரவரி 6 வரை பதில் வரவில்லை. அன்று ஆஸ்பத்திரி என்னை டிஸ்சார்ஜ் செய்ததால் பயணம் மேற்கொள்ளப்பட்டது. விமான நிலைய ஆம்புலன்ஸ் 60 ரியால், ஸ்ட்ரெச்சர் டிக்கெட் 1,650 ரியால், நர்ஸ் கட்டணமும் டிக்கெட்டும் 480 ரியால் (இணைப்பு 7: பிரித்த பில், ரசீது, டிக்கெட், போர்டிங் பாஸ்கள், நர்ஸின் பயணக் குறிப்பு). துணைக்கு வந்த உறவினர் டிக்கெட் 85 ரியால் (இணைப்பு 8). சென்னை விமான நிலையத்திலிருந்து நேரடியாகத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் 24,000 ரூபாய் (இணைப்பு 9: பில், சேர்க்கைச் சீட்டு).

ஓமனில் ஆன ஆஸ்பத்திரிச் செலவை என் முதலாளி செலுத்தியுள்ளார். அதை இங்கே கோரவில்லை. மேலே கோரியுள்ள செலவுகளை வேறு யாரும் திருப்பித் தரவில்லை. பணத்தை என் சார்பில் என் அண்ணன் செலுத்தினார். அவருடைய உறுதிமொழி இணைப்பு 10. எனக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசியும் உண்டு.

அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருந்ததால் இந்தக் கடிதம் தாமதமானது. கோரும் தொகை 2,695 ரியால், அதாவது 7,007 டாலர், மற்றும் 24,000 ரூபாய். ஏதேனும் ஒரு பகுதியை ஏற்க இயலாவிட்டால், அதற்கான பாலிசி விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்கவும். ஏற்ற பகுதியை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவுதான் கடிதம், ஒன்றரைப் பக்கம். இதோடு கம்பெனியின் க்ளெய்ம் படிவம், பாஸ்போர்ட்டில் ஓமன் போன முத்திரையும் திரும்பிய முத்திரையும் உள்ள பக்கங்கள், உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை. ஓமன் போலீஸ் அறிக்கை ஏதாவது அரபியில் இருந்தால் மொழிபெயர்ப்பையும் வைக்க வேண்டும். ரசீதுகள் அண்ணன் பெயரில் இருப்பதால்தான் அவருடைய உறுதிமொழியைச் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் "பணம் கட்டியவர் பாலிசிதாரர் இல்லை" என்று ஒரு கேள்விக் கடிதம் வந்து ஒரு மாதம் போய்விடும். முதலாளி கட்டியதை மறைக்காமல் எழுதியதும் வேண்டுமென்றேதான். பிறகு அவர்களாகத் தெரிந்துகொண்டால் வேறு மாதிரி பார்ப்பார்கள்.

அசலை அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள், ஏனென்றால் பிரவாசி பாலிசிக்கும் அசல் கேட்பார்கள். அதைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்பது குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டிய பாலிசி. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும்தான், அதனால் அதிலிருந்து ஸ்ட்ரெச்சர் செலவு வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உடல்நிலையால் வேலை செய்ய முடியாமல் திரும்புகிறவருக்கு அது தருவது ஒரு வழி சாதாரண வகுப்பு விமானக் கட்டணம். அதற்கும் திரும்பிய காரணத்தை இந்தியத் தூதரகம் சான்றளிக்க வேண்டும், டிக்கெட் அசலாக வேண்டும். மஸ்கட் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் தாமதமானால் வெளியுறவு அமைச்சகத்தின் MADAD தளத்தில் பதிவு செய்யுங்கள். சாதாரணக் கட்டணம் எவ்வளவு என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. அதே விமானத்தில் வந்த சித்தப்பா மகனின் 85 ரியால் டிக்கெட்தான் அது. டாலர் பாலிசி தந்த கம்பெனி ஸ்ட்ரெச்சர் டிக்கெட்டை முழுதாகக் கொடுத்துவிட்டால் இங்கே மறுபடி கேட்கக் கூடாது. அவர்கள் மறுத்தாலோ குறைத்தாலோ, தீர்வுக் கடிதத்தையும் அவர்கள் சான்றளித்துத் தரும் பில் நகல்களையும் வைத்துக் கேளுங்கள்.

திருச்சியில் இப்போது நடக்கும் சிகிச்சைக்கும் அந்தப் பாலிசியில் இடம் உண்டு. ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 50,000 ரூபாய் வரை, மொத்தம் 1 லட்சம் வரை, சிகிச்சை இந்தியாவில் நடந்தாலும் சரி. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. விபத்தில் நிரந்தர ஊனம் ஏற்பட்டு வெளிநாட்டு வேலையை இழந்தால் 10 லட்சம் வரை அதில் உண்டு. உங்கள் கால்களில் பலம் எவ்வளவு திரும்பும் என்பது இன்றைக்கு யாருக்கும் தெரியாது, முழுதாகத் திரும்ப வேண்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன். ஆனால் விபத்தைப் பற்றி அந்தக் கம்பெனிக்கும் இப்போதே தெரிவித்து வையுங்கள். பாலிசி நகல் கையில் இல்லையென்றால் உங்களை அனுப்பிய ஏஜென்டிடம் கேளுங்கள், அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உள்ள உங்கள் பதிவில் பாலிசி எண் இருக்கும்.

கடிதம் போன பிறகு கேள்விக் கடிதம் வரும், அது மறுப்பு இல்லை. கேட்டதற்கு மட்டும் வரிசை எண் போட்டுப் பதில் எழுதுங்கள். பாதித் தொகை தந்து "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்ற ரசீதில் கையெழுத்துக் கேட்டால், மீதியைக் கோரும் உரிமையை விடவில்லை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் பார்ப்பார், மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். உங்கள் பாலிசி சென்னையில் வழங்கப்பட்டது என்பதால்தான் இந்த வழி திறந்திருக்கிறது. ஓமன் கம்பெனி அங்கே எடுத்த பாலிசியாக இருந்திருந்தால் அந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பிடம்தான் போக வேண்டியிருக்கும்.

மஸ்கட் டாக்டருக்கு அனுப்பும் கேள்விகளை அண்ணனை விட்டு இன்றிரவே அனுப்பச் சொல்லுங்கள். பில்லை ஏஜென்ட் இரண்டு நாளில் பிரித்துத் தந்துவிடுவார். டாக்டர் சான்று வரத்தான் நாளாகும், கடிதம் அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். சான்று வந்ததும் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள், இணைப்பு 4 என்று எண் போடுவதற்கு முன் ஒரு முறை படித்துச் சொல்கிறேன்.